வேம்பும் இஸ்திரிப்பெட்டியும்

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை வெளியிடும் ஆண்டு மலரைப் பல ஆண்டுகளாக நாங்கள் இருவர் கவனித்து வருகிறோம். ஒருவர் எழுத்தைத் திருத்துபவர். தமிழிலக்கியம் படித்து, அதையே வகுப்பில் சொல்லிக் காலம் தள்ளுபவர். மற்றவர் படம் வரைபவர். அருகிலுள்ள பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியர். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் இவ்விருவரும் சேர்ந்தே என்று கொள்க. செய்த பிழையில் இருவருக்கும் பங்கு இருந்ததால் அதைச் சொல்வதிலும் இருவரும் சேர்ந்தே நிற்கிறோம்.

2014ஆம் ஆண்டு மலரில் ஒரு சிறுகதை வந்தது. குடித்துவிட்டு வந்து, மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தையும் எடுத்துச் செல்லும் தந்தையைப் பற்றிய கதை. மாணவர் எழுதியதுதான் என்றாலும் நல்ல கதை. அதற்கொரு படம் வேண்டியிருந்தது. அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள்களே இருந்தன. மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் தன் கைப்பேசியில் எடுத்த தெருப் படங்களை அவ்வப்போது எங்களிடம் காட்டுவான். அவற்றுள் ஒன்று எங்கள் மனத்தில் நின்றிருந்தது. ஒரு சந்தின் கோடியில் இஸ்திரி வண்டியருகே ஒருவர் தனியாக வேலை செய்துகொண்டிருக்கும் படம். எந்த ஊர், எந்தச் சந்து என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவரைப் பற்றிய அடையாளங்களிலும் சிலவற்றை மாற்றியே சொல்கிறோம். காரணம் போகப்போக விளங்கும்.

அந்தப் படத்தை அச்செடுத்து, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, கீழே விளக்கெரியவிட்டு, மேலே தாளைப் பரப்பி அப்படியே கோடு எடுத்தோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கோடுகள் அழகாகவே வந்திருந்தன. தலையில் சுற்றிய துண்டு, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை, இடக்கையில் பிடித்த இஸ்திரிப்பெட்டி, வண்டிச் சக்கரத்தில் ஒடிந்துபோன ஆரக்கால் என்று எதுவும் விட்டுப்போகவில்லை. 'எவ்வளவு உயிரோட்டம்!' என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மலர் வெளிவந்து மூன்று வாரமிருக்கும். வணிகவியல் முதலாண்டு மாணவி ஒருவர் துறையின் வாசலில் வந்து நின்றார். கையில் மலர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"சார், இது எங்க அப்பாதானே?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவரே தொடர்ந்தார்: "அப்பா குடிக்கவே மாட்டாரு சார். எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுக்கு இந்தப் புக்கு வந்திருக்கு. அவங்க பாத்துட்டு எல்லாருக்கும் காட்டியிருக்காங்க. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒருத்தர் கதைய வாசிச்சும் காட்டிட்டாரு."

அன்று மாலையே போய் அவரைப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. "படம் நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. நான்னு பாத்ததும் தெரியுது," என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவருடைய வண்டி அந்தச் சந்தில் இல்லை. நான்கு தெரு தள்ளி வேறோரிடத்தில் நிறுத்திக்கொண்டார் என்று அறிந்தோம். பழைய வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர் அங்கே தேடிப் போயிருப்பார்கள் என்று நாங்கள் கேட்கத் துணியவில்லை.

இது நடந்த சில நாள்களில் வகுப்பில் நெடுநல்வாடை நடத்த வேண்டி வந்தது. தமிழ் படித்தவர்கள் அறிந்த செய்திதான். அகத்திணைப் பாடலில் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெடுநல்வாடையில் பெயர் ஏதும் இல்லை. பிரிவால் வருந்தும் அரசி, பாசறையில் இருக்கும் அரசன், வாடைக்காற்று என எல்லாம் அகத்துக்குரியவையே. ஆனாலும் அதைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். பாசறைக் காட்சியில் வரும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே அரசன் இன்னான் என்று சுட்டப்பட்டுவிட்டான் என்பது அவர் காட்டிய காரணம். நூற்றெண்பதடிக்கு மேல் நீளும் பாட்டு, ஒரு வேம்பினால் அகத்திலிருந்து புறத்துக்குப் போய்விடுகிறது.

இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பிழையின் உருவம் எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. கதையில் வரும் தந்தைக்கு அதை எழுதிய மாணவர் பெயர்கூட வைக்கவில்லை. 'அப்பா' என்றுதான் எழுதியிருந்தார். நாங்களோ இடக்கை இஸ்திரிப்பெட்டியையும் ஒடிந்த ஆரக்காலையும் வரைந்து அவருக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டோம். அந்தப் பெயருடையவர் நான்கு தெருவுக்கு அப்பால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பின்னர் இரண்டாண்டுகள் எங்கள் மலரில் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த படம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தச் சந்தின் படத்தை எங்களால் மறக்கவும் முடியவில்லை. அதில் எங்களை ஈர்த்தது எது என்று பலமுறை பேசிக்கொண்டோம். அந்த மனிதரின் முகமா? இல்லை, முகம் படத்தில் கட்டைவிரல் நக அளவுதான் இருந்தது. சந்தின் இடப்பக்கம் தகரச் சாய்ப்புகள் வரிசையாக நிழலில் கிடந்தன. அவற்றின் விளிம்பு இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி நடுவை நோக்கிச் சரிந்து இறங்கியது. வலப்பக்கச் சுவர் மாலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பெரிய கருமையும் பெரிய வெண்மையும் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடவிருக்கும் இடத்தில் ஒரு சிறிய கரிய உருவம். பார்ப்பவரின் கண் அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய் அவரிடம் நின்றது. ஓவியர்கள் கம்போசிஷன் என்று சொல்வது இதைத்தான். தமிழில் படவமைப்பு எனலாம்.

படவமைப்பு என்பது படத்திலுள்ள பொருள்களிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்க ஒன்று. உலகறிந்த ஒரு படத்தைச் சான்றாகச் சொல்லலாம். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932இல் இயேர் என்னும் ஊரில் எடுத்தது. மாடிப்படியின் மேலிருந்து கீழே பார்த்த காட்சி. அருகில் சுருள்படியின் இரும்புக் கைப்பிடி வளைந்து இறங்குகிறது. கீழே தெருவின் ஓரமும் வளைகிறது. இடப்பக்க மேற்பகுதியில் ஒருவர் சைக்கிளில் கலங்கலாகக் கடந்து போகிறார். அந்தச் சைக்கிள்காரரை நீக்கிவிட்டு அதே இடத்தில் ஓடும் நாயொன்றை வைத்தாலும் அப்படம் நிற்கும். அவரை அப்படியே தூக்கிப் படத்தின் நடுவில் வைத்தால் நிற்காது. பொருள் மாறலாம், இடமும் எடையும் மாறக்கூடாது என்றால் அந்த இடமும் எடையுமே அமைப்பு. கார்த்தியே பிரெஸ்ஸோன் இளமையில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். முதுமையில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு வரைதலுக்கே திரும்பியவர். படத்தை முதலில் வடிவங்களாகக் காணும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

வெண்பாவின் யாப்பை யாரும் கையாளலாம். அது எவருடைய உடைமையும் அன்று. அதுபோல் ஒரு படத்தின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே உள்ள கருப்பொருளை எல்லாம் மாற்றிவிட்டால் என்ன என்று எண்ணினோம். 2016ஆம் ஆண்டு மலருக்கு மாணவி ஒருவர் எழுதிய கதை அதற்கு வாய்ப்பளித்தது. ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் மூதாட்டி. பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடப்போகிறார்கள். கடைசி நாள் காலையில் அவர் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். கதையைப் படித்ததும் எங்கள் இருவருக்கும் அந்தச் சந்தே நினைவுக்கு வந்தது. தகரச் சாய்ப்பின் சரிவு பள்ளித் தாழ்வாரத்தின் ஓட்டுக்கூரையாகலாம். வெயிற்சுவர் முற்றத்து மதிலாகலாம்.

முதலில், படம் எடுத்தவனைத் தேடிப்பிடித்துக் கேட்டோம். அவன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டிருந்தான். 2014இல் அவனிடம் கேட்டிருந்தோம், படத்திலிருந்தவரைத்தான் கேட்கவில்லை. இம்முறை எதை எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்பதையும் விளக்கிக் கேட்டோம். ஒப்புக்கொண்டான்.

பிறகு செய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். புகைப்படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆறடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தோம். அப்படிப் பார்க்கும்போது துண்டும் சட்டை மடிப்பும் ஆரக்காலும் கரைந்துபோய், இருளும் ஒளியும் மட்டும் திட்டுத்திட்டாக மிஞ்சும். மிஞ்சியதைத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் மூன்றே சாயல்களில் வரைந்தோம். தாளின் வெண்மை, பென்சிலின் சாம்பல், மையின் கருமை. தீப்பெட்டி அளவு என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் முகம் வரைய இடமில்லை, ஆசைப்பட்டாலும் முடியாது. அத்தகைய கட்டங்கள் ஐந்தாறு வரைந்தோம். எங்கள் மலரின் பக்கம் உயரவாக்கில் உள்ளது. புகைப்படமோ அகலவாக்கில் இருந்தது. ஆகவே உயரமான கட்டத்துக்குள் அந்தச் சரிவைப் பொருத்தியபோது அது இன்னும் செங்குத்தாயிற்று, வெண்மை ஒடுங்கியது. அந்த மாற்றம் நல்லதாகவே பட்டது.

அடுத்து, புகைப்படத்தில் ஒவ்வொரு திட்டும் செய்யும் வேலையைப் பொருளின் பெயர் சொல்லாமல் எழுதினோம். 'இடப்பக்கக் கருமை கண்ணை உள்ளே தள்ளுகிறது. வலப்பக்க வெண்மை அதைத் தடுத்து நிறுத்துகிறது. சிறிய கருமை, வெளிர்ந்த ஒரு புள்ளியின் முன் நிற்பதால் தெரிகிறது.' இவ்வளவே. சாய்ப்பு, சுவர், மனிதர் என்ற சொற்கள் அந்தத் தாளில் இல்லை. எழுதி முடித்ததும் புகைப்படத்தை உறையிலிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வரைந்து முடிக்கும்வரை அதை எடுப்பதில்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

இனிக் கருப்பொருள். கதை எழுதிய மாணவியோடு ஒரு சனிக்கிழமை பக்கத்துக் கிராமத்துப் பள்ளியொன்றுக்குப் போனோம். தாழ்வாரத்துத் தூணின் பருமன், ஓட்டின் அடுக்கு, திண்ணையின் உயரம் ஆகியவற்றை நேரில் பார்த்து வரைந்துகொண்டோம். அரிசி புடைக்கும்போது ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்வதையும், முறத்தின் நுனியை வெளிப்புறமாகத் தாழ்த்திப் பிடிப்பதையும் மாணவியின் பாட்டி செய்துகாட்டினார். அவருடைய முகத்தை நாங்கள் வரையவில்லை. மறுபடியும் ஒருவருக்குப் பெயர் சூட்ட மனமில்லை.

வரைந்துகொண்டு போகையில் முதல் சிக்கல் வெளிச்சத்தால் வந்தது. புகைப்படம் மாலையில் எடுத்தது. அந்தச் சந்து தெற்கு வடக்காக ஓடுவது. வடக்கு நோக்கி நின்று எடுத்த படத்தில் மேற்கு வெயில் வலப்பக்கச் சுவரில் விழுந்தது. கதையிலோ காலை ஒன்பது மணி. அதே திசையில் நின்று பார்ப்பதாகக் கொண்டால், கிழக்கு வெயில் வலப்பக்கத்திலிருந்து நேரே தாழ்வாரத்துக்குள் பாயும்; இடப்பக்கக் கருமையே இல்லாமற்போகும். எனவே பார்ப்பவரைத் தெற்கு நோக்கித் திருப்பினோம். அப்போது பள்ளி மேற்கு பார்த்ததாகிறது. காலையில் தாழ்வாரம் நிழலிலும், எதிர் மதில் வெயிலிலும் இருக்கும். கூரையின் நிழல் முற்றத்தில் பாதிவரை விழுந்து கிடக்கும். கதை எழுதிய மாணவியிடம் கேட்டபோது தம் மனத்திலிருந்த பள்ளியும் மேற்கு பார்த்ததே என்றார். அமைப்பைக் கடன் வாங்குபவர் அதனோடு சூரியனையும் கடன் வாங்கிவிடுவது எளிது. வரைந்து முடித்த படத்தில் ஏதோ பொய்யாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் நிழல்களைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மூதாட்டி. தீப்பெட்டிக் கட்டத்தில் அந்தச் சிறிய கருமை இருந்த இடத்தில், அதே உயரத்துக்கு அவரை உட்காரவைத்தோம். உட்கார்ந்த நிலையிலேயே அவர் பூதம்போல் தெரிந்தார். எங்கே தவறு என்று விளங்கச் சற்று நேரமாயிற்று. படம் எடுத்தவனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருந்தது. சமதளத்தில் நிற்கும் ஒருவரை அந்த உயரத்திலிருந்து பார்த்தால், அவர் அருகே நின்றாலும் தொலைவில் நின்றாலும், அவருடைய தலை பார்ப்பவரின் கண்மட்டக் கோட்டையொட்டியே இருக்கும். இஸ்திரிக்காரரின் தலை அப்படித்தான் இருந்தது. ஆனால் மூதாட்டி ஒன்றரையடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்த உயரம் இரண்டரையடி. ஆக அவருடைய தலை தரையிலிருந்து நான்கடிதான். கண்மட்டத்துக்கு ஓரடி கீழே வர வேண்டும். நாங்கள் அதைக் கண்மட்டத்திலேயே வைத்ததால் அவரை ஓரடி வளர்த்துவிட்டிருந்தோம்.

தலையைத் தாழ்த்தினால் உருவம் சிறுத்தது. பெரிய கருமைக்கும் வெண்மைக்கும் எதிரே நிற்க அதற்கு எடை போதவில்லை. எனவே அவரை நமக்குச் சில அடிகள் அருகே கொண்டுவந்தோம். அருகே வந்தால் உருவம் பெருக்கும், படத்தில் கீழேயும் இறங்கும். இப்படியாக எங்கள் படத்தின் உருவம் புகைப்படத்தில் அவர் நின்ற இடத்தை விட்டு இறங்கிவந்துவிட்டது. புதிய பொருளை உண்மையாக வரைந்தால் கடன் வாங்கிய அமைப்பும் அதற்கேற்ப நகர்ந்தே தீரும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். நகராமல் அப்படியே பொருந்துகிறதென்றால், நாம் இன்னும் பழைய படத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம் என்று ஐயுற வேண்டும்.

வரைந்து முடித்ததும் அலமாரியைத் திறந்து புகைப்படத்தை எடுத்தோம். இரண்டையும் ஒரே அகலத்துக்கு அச்செடுத்து, இரண்டு மெல்லிய தாள்களில் கோடெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். ஒருகாலத்தில் திருட்டுக்கு உதவிய அதே கண்ணாடிப் பலகைதான் இப்போது சோதனைக்கு உதவியது. பெரிய திட்டுகள் ஏறத்தாழ ஒத்துப்போகலாம், அதற்காகத்தானே எடுத்தோம். ஓரக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடக்கூடாது. ஓடினால் அங்கே நினைவு நம்மை அறியாமல் படியெடுத்திருக்கிறது என்று பொருள்.

மூன்று இடங்களில் எங்கள் நினைவு படியெடுத்திருந்தது. வானத்தில் மின்கம்பிகள் மூன்று, புகைப்படத்தில் தொய்ந்த அதே தொய்வில் தொய்ந்திருந்தன. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கு மேலே கம்பியே இல்லை, அழித்தோம். மூதாட்டியின் தலைக்குப் பின்னே ஒரு வெண்புகை. கரிப்பெட்டியிலிருந்து எழுந்த புகை அது. அடுப்பே மூட்டாத காட்சியில் புகைக்கு என்ன வேலை? ஆனால் அதை அழித்ததும் கரிய தலை கரிய தாழ்வாரத்தில் கலந்து மறைந்துவிட்டது. நாங்கள் எழுதிவைத்த தாளை மீண்டும் பார்த்தோம். அங்கே 'வெளிர்ந்த ஒரு புள்ளி' என்றுதான் இருந்தது, புகை என்றில்லை. தாழ்வாரத்தின் மறுமுனைத் திறப்பு அவருடைய தலைக்குப் பின்னே வருமாறு வரைந்தோம். அங்கிருந்து வரும் வெளிச்சம் புகை செய்த வேலையைச் செய்தது. புகை விவரம், வெளிர்மை அமைப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எங்களால் சொல்ல இயலாது.

மூன்றாவது எங்களைத் திடுக்கிடவைத்தது. மூதாட்டி முறத்தின் கனத்தை இடக்கையில் தாங்கியிருந்தார். மாணவியின் பாட்டி வலக்கைப் பழக்கமுடையவர். அவர் செய்துகாட்டியதை நேரில் பார்த்து வரைந்த குறிப்பில் கனம் வலக்கையில்தான் இருந்தது. இறுதிப் படத்தில் அது எப்படியோ இடம் மாறியிருந்தது. இரண்டாண்டுகள் கழித்தும், புகைப்படத்தைப் பூட்டி வைத்த பின்னும், அந்த இடக்கை எங்கள் கைவழியே வந்துவிட்டது. வேம்பு அங்கேதான் ஒளிந்திருந்தது.

இந்தச் சோதனைகளைத் தாண்டிவிட்டால் எதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், அப்படியும் இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் விளக்கமாகச் சொன்னது. நாடகத்தைத் தழுவித் திரைப்படம் எடுத்ததாக வந்த வழக்கு அது. 'தனித்து உழைக்கும் ஒருவர், ஒருபக்கம் நிழல், ஒருபக்கம் வெயில்' என்பது கருத்து. ஆனால் அமைப்பே ஒருவருடைய வெளிப்பாடாகிவிடும் இடமும் உண்டு. இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் சிவப்புப் பேருந்தொன்று செல்ல, பின்னணியிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம் முழுவதும் சாம்பல் நிறமாக்கப்பட்டு, வானம் வெறும் வெண்மையாக விடப்பட்ட படம் ஒன்று நினைவுப் பொருள்களில் அச்சாகி வந்தது. தேயிலை நிறுவனம் ஒன்று அந்தப் படத்தைப் படியெடுக்காமல், வேறு ஒளிப்படங்களைக் கொண்டு அதே போன்ற ஒன்றை உருவாக்கித் தன் டப்பாக்களில் அச்சிட்டது. 2012இல் இங்கிலாந்து நீதிமன்றம் அதையும் உரிமை மீறல் என்றது. பேருந்தும் பாலமும் எல்லாருக்கும் பொது; ஆனால் அவற்றைச் சட்டகத்தில் வைத்த விதமும் அந்தச் சிவப்பும் சாம்பலும் சேர்ந்த சேர்க்கை ஒருவருடைய உழைப்பு என்று கொண்டது. அத்தீர்ப்பை ஏற்காத சட்ட அறிஞர்கள் உண்டு. எனினும் எங்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு படம் அதன் அமைப்பாலேயே அடையாளம் காணப்படுமானால், பொருளை மாற்றுவது மட்டும் போதாது. இயேர் நகரத்துச் சுருள்படியை எடுத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பதில் நாயை விட்டால் படம் நிற்கும் என்று மேலே சொன்னோம். நிற்கும்; ஆனால் அது கார்த்தியே பிரெஸ்ஸோனின் படமாகவே நிற்கும்.

திருத்திய படத்தை, படம் எடுத்த மாணவனுக்கு அனுப்பினோம். "எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு சார், என்னன்னு சொல்லத் தெரியல," என்று பதில் சொன்னான். எங்கள் மனம் அதோடு அமைதியடையவில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் இன்னொருவர் இருந்தார். வணிகவியல் மாணவி அப்போது மூன்றாமாண்டில் இருந்தார். அவரை அழைத்து, கதையையும் படத்தையும் கொடுத்தோம். அவருடைய தந்தை இருந்த புகைப்படத்திலிருந்து தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். வேண்டாம் என்றால் அச்சிடமாட்டோம் என்றோம்.

அவர் கதையை முழுதும் படித்தார். பிறகு படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்பா இதுல இல்ல சார்," என்றார். பின் சற்றுப் பொறுத்து, "ஆனா அப்பா நின்ன எடம் இருக்கு," என்றார்.

அந்தச் சந்து அங்கே இல்லை. சாய்ப்பும் இல்லை, வண்டியும் இல்லை. நிழல் விழும் திசைகூட மாறிவிட்டது. அவர் எதைக் கண்டார் என்று எங்களுக்குத் தெரியும். கண் சரிந்து போய் நிற்கும் அந்த இடத்தை, தாம் வழக்கமாக நிமிர்ந்து பார்த்திருந்த இடத்தை, அவர் கண்டுகொண்டார். எந்தத் தாளை எதன்மேல் வைத்துப் பார்த்தும் நாங்கள் அதைக் கண்டிருக்க முடியாது.

"அச்சிடட்டுமா?" என்று கேட்டோம்.

"போடுங்க சார். எனக்குத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு, படத்தைத் திருப்பித் தந்தார். போகும்போது வாசலில் நின்று, அந்த மூதாட்டி அரிசியைப் புடைப்பது யாருக்காக, பிள்ளைகள்தான் வரமாட்டார்களே என்று கேட்டார். கதையில் அதற்கு விடையில்லை. கதை எழுதிய மாணவியிடமே கேட்கச் சொல்லி அனுப்பினோம்.